கஞ்சிப்பாசி வளர்ப்புத் திட்ட முன்மொழிவு: மதிப்பீட்டுக் குழுவுக்கான சுருக்கம்

மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளில் மூழ்கிப் பாசி எடுத்து வாழும் பாம்பன் வட்டாரப் பெண்கள் 60 பேருக்கு, பாக் நீரிணைப் பக்கத்தில் மூங்கில் மிதவைகளில் உள்நாட்டு இனமான கஞ்சிப்பாசியை வளர்க்கும் தொழிலை அமைத்துத் தருவதே இம்முன்மொழிவின் நோக்கமாகும். வேகமாக வளரும் அயலினமான கப்பாபைகஸ், குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் படர்ந்ததை நினைவில் கொண்டால், உள்நாட்டு இனத்தைத் தேர்ந்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

கோரப்படும் தொகை ரூ. 15,00,000. இதில் 240 மிதவைகளுக்கு ரூ. 6,00,000, உலர்த்தும் மேடைகளுக்கு ரூ. 3,20,000, விதைப்பாசிக்கு ரூ. 2,40,000, பயிற்சிக்கும் பயிற்சிக்காலக் கூலிக்கும் ரூ. 2,40,000, கண்காணிப்புக்கு ரூ. 1,00,000 ஒதுக்கப்பட்டுள்ளன. மணலில் காயும் பாசிக்கு விலை குறைவதால் மேடைச் செலவைக் குறைக்கக் கூடாது. ஆனால், புயலில் உடையும் மிதவைகளுக்கு ஒதுக்கீடே இல்லாதது பெருங்குறை.

காலம் ஜூலை முதல் 18 மாதங்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் பாக் நீரிணை கொந்தளிக்கும் என்பதால், முதல் ஆறு மாதங்கள் பயிற்சிக்கும் கட்டுமானத்துக்கும் விடப்பட்டு, ஜனவரியில் விதைப்பு தொடங்குகிறது.

திட்ட முடிவில் ஒவ்வொருவரும் நான்கு மிதவைகளைச் சொந்தமாக நடத்துவர் என்றும், தீவுப்பகுதிக்குச் செல்லும் நாட்கள் பாதியாகக் குறையும் என்றும் எதிர்பார்க்கப்படுகிறது. மிதவை மாற்றுச் செலவைச் சேர்த்துத் திருத்திய பட்டியலைப் பெற்றபின் நிதி வழங்கப் பரிந்துரைக்கிறேன்.