காலியாக விட்ட முதல் பிரிவு: உன் ஒப்பந்தத்துக்கு ஒரு விளக்கம்

ஆத்தா,

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர் கொடுத்த ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் படித்தேன். மூன்று பக்கம், ஆறு பிரிவு. கேட்லாக் வேலைக்கு நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் என்று பேசியிருக்கிறாய், நல்ல வேலைதான். ஆனால் கையெழுத்துப் போடாதே, முதல் பிரிவு காலி.

"ரகசியத் தகவல் என்பது" என்று எழுதி, நான்கு வரிக்குப் புள்ளி வைத்து விட்டுவிட்டார்கள். எங்கிருந்தோ ஒரு மாதிரியை எடுத்து, நிரப்ப மறந்திருப்பார்கள். கெட்ட எண்ணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என்றாலும் இரண்டாம் பிரிவு முதல் கடைசி வரை எல்லாம் அந்த நான்கு வரியைத்தான் பிடித்துத் தொங்குகிறது.

இரண்டாம் பிரிவு, ரகசியத் தகவலை யாரிடமும் சொல்லாதே, வேறு எதற்கும் பயன்படுத்தாதே என்கிறது. எதைச் சொல்லக்கூடாது? தெரியாது. கண்ணாடித் தட்டில் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவதை ஊரே பார்க்கிறது. வருகிற சுற்றுலாக்காரர்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். அது ரகசியமா? அந்தப் பச்சைக்கு எந்தத் தூள் எத்தனை கரண்டி என்பது வேண்டுமானால் ரகசியம். இரண்டையும் பிரிக்க வேண்டிய இடம்தான் காலியாகக் கிடக்கிறது.

"காலி என்றால் ஒப்பந்தமே செல்லாதே அம்மான்" என்று நீ கேட்பாய். 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29வது பிரிவு, பொருள் உறுதியாகத் தெரியாத, உறுதிசெய்யவும் முடியாத உடன்படிக்கை செல்லாது என்கிறது. வாதம் செய்யலாம், சரி. ஆனால் அதைக் கோர்ட்டில் நின்று சொல்ல வருஷம் ஆகும், வக்கீல் பீஸ் ஆகும் (நான் வாங்க மாட்டேன், அது வேறு). அதைவிட மோசம், நீ கையெழுத்துப் போட்ட பிறகு அந்த இடத்தில் யாராவது "பட்டறையில் பார்த்தது, கேட்டது அனைத்தும்" என்று எழுதிவிட்டால், எப்போது எழுதியது என்று நீ எதைக் காட்டுவாய்?

மூன்றாம் பிரிவு, பத்து வருஷம். ஒரு கேட்லாக்குக்கு இது அதிகம். இரண்டு வருஷம் கேள்.

நான்காவது, மீறினால் ஐந்து லட்சம். பயப்படாதே. ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தாலும், 74வது பிரிவின்படி அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனால் எது ரகசியம் என்றே தெரியாதபோது, எதை மீறினாய் என்று சண்டை போடுவதே தலைவலி.

ஐந்தாவது, வேலை முடிந்த பிறகும் மூன்று வருஷத்துக்கு வேறு டைல்ஸ் பட்டறைக்கு வேலை செய்யக்கூடாதாம். 27வது பிரிவு, தொழிலைத் தடுக்கும் உடன்படிக்கையைச் செல்லாது என்கிறது. அடித்துவிடச் சொல். காரைக்குடியைச் சுற்றி இருக்கும் பட்டறைகள்தானே உனக்குப் பிழைப்பு!

ஆறாவது, முடிந்ததும் கோப்புகளைத் திருப்பிக்கொடு. பரவாயில்லை.

ஒன்றை அவர்கள் எழுதவே இல்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே. உன் போர்ட்போலியோவில் வைக்க இப்போதே எழுத்தில் அனுமதி வாங்கு.

சரி, முதல் பிரிவில் இதை எழுதச் சொல்:

"ரகசியத் தகவல் என்பது, பட்டறை எழுத்தில் 'ரகசியம்' என்று குறித்து வடிவமைப்பாளரிடம் கொடுக்கும் நிறக் கலவை விகிதங்கள், இன்னும் விற்பனைக்கு வராத அச்சுகளின் படங்கள், வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல் ஆகியவை மட்டுமே. வாயால் சொன்னதை ஏழு நாளுக்குள் மின்னஞ்சலில் உறுதிசெய்தால்தான் அது ரகசியம். ஏற்கெனவே பொதுவில் தெரிந்தது, வடிவமைப்பாளருக்கு முன்பே தெரிந்தது, வேறு வழியில் முறையாகக் கிடைத்தது இதில் சேராது. நீதிமன்றம் அல்லது அரசு அதிகாரி சட்டப்படி கேட்பதைக் கொடுப்பது மீறல் ஆகாது."

அவரிடம் இப்படிப் பேசு: "அண்ணே, எதை நான் வெளியில சொல்லக்கூடாதுன்னு தெரிஞ்சாத்தானே காப்பாத்த முடியும்? இந்த நாலு வரியை நிரப்பிக் கொடுங்க." இதில் அவருக்குத்தான் பாதுகாப்பு கூட. மனுஷர் ஒப்புக்கொள்வார்.

திருத்தியதை எனக்கு அனுப்பு. கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேரும் சுருக்கக் கையெழுத்துப் போடுங்கள், மிச்சம் காலி இடம் எங்கே இருந்தாலும் கோடு போட்டு அடித்துவிடுங்கள். உனக்கு ஒரு மூலப்பிரதி கையில் வர வேண்டும், போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றால் வேண்டாம்.

அம்மான்