மாவு மிஷின் ஒரு வாரம் லீவு: மே 18 முதல் 24 வரை. மே 25 திங்கள் காலை 8 மணிக்குத் திறப்போம்

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்காகக் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் போகிறோம். அதனால் 18-05-2026 திங்கள் முதல் 24-05-2026 ஞாயிறு வரை கடை இருக்காது. 25-ஆம் தேதி திங்கட்கிழமை காலை 8 மணிக்கு வழக்கம்போலத் திறந்துவிடுவோம்.

வெயில் காலம், மொட்டை மாடியில் மிளகாயும் மல்லியும் காய்ந்துகொண்டிருக்கும் நேரம், இப்போது போய் லீவு விடுகிறீர்களே என்று நேற்றே இரண்டு அக்காமார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் கொடை தேதியை நாங்கள் வைப்பதில்லையே! சென்னையில் கடை போட்டிருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அந்த வாரம் அங்கேதான் இருப்பார்கள். வரி கொடுத்துவிட்டு ஆள் போகாமல் இருந்தால் ஊரில் பேச்சு வாங்க முடியாது.

மிளகாய் ஏற்கெனவே நன்றாகக் காய்ந்து, கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம் கேட்கிறது, காம்பு பட்டென்று ஒடிகிறது என்றால் 16 சனிக்கிழமைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் பதமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம், அது மிஷினில் ஒட்டிக்கொள்ளும், தூளும் கட்டி தட்டும். நன்றாகக் காயவைத்து, சூடு ஆறியதும் டப்பாவில் இறுக மூடி வைத்திருங்கள். 25-ஆம் தேதி கொண்டுவருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வெயில் காட்டினால் போதும். திடீர் மழை வந்தால் மட்டும் மாடிக்கு ஓடிவிடுங்கள்.

கோதுமை, கேழ்வரகு, சத்துமாவு அரைப்பவர்கள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இப்போதே அரைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போனதும் பேப்பரில் பரப்பி ஆறவிட்டு அப்புறம் டப்பாவில் போடுங்கள், மிஷின் சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து மாவு கெட்டுப்போகும். குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகு அரைப்பவர்களும் அப்படியே செய்யுங்கள், ஆனால் மாதக் கணக்குக்குச் சேர்த்து அரைக்க வேண்டாம். இடியாப்பத்துக்கு ஈர அரிசி அரைப்பவர்களுக்கு நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை, அந்த ஒரு வாரம் வேறு மிஷின்தான் பார்க்கவேண்டும். அங்கே மிளகாய் ஓடிய மிஷினிலேயே அரிசியைப் போடுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரைத்து வைத்த தூக்கு, டப்பா எல்லாம் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. சில டப்பாக்கள் பொங்கலிலிருந்தே நிற்கின்றன! பெயர்ச் சீட்டு கிழிந்துபோன ஒரு பச்சை மூடி சம்படமும் இருக்கிறது, யாருடையதோ தெரியவில்லை, உள்ளே சாம்பார் பொடி. ஞாயிறு 17-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாகிவிட்டது, தாம்பரத்தில் ஏறவேண்டும், அதனால் ஐந்து மணிக்குமேல் “ஒரே ஒரு கிலோதான் அண்ணா” என்று வந்தாலும் முடியாது. பழைய பாக்கி உள்ளவர்கள் அதையும் முடித்துவிட்டால் ஊர்ச் செலவுக்கு உதவியாக இருக்கும், கூகுள் பே போட்டாலும் சரி.

இன்னொரு விஷயம். 22 வெள்ளிக்கிழமையே நாங்கள் வந்துவிடுவோம், ஆனால் கடை திறக்கமாட்டோம். அரிசி மிஷினின் கல் தேய்ந்துவிட்டது, மாவு ரொம்பச் சூடாக விழுகிறது, முன்னைப்போல நைஸாகவும் இல்லை என்று நீங்களே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சனிக்கிழமை கல் கொத்த ஆள் வருகிறார். கொத்தியவுடன் உங்கள் அரிசியைப் போட்டால் கல்பொடி கலந்து மாவு நறநறக்கும், அதனால் ஞாயிறு முழுக்க எங்கள் செலவில் நொய் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் தூக்கை வாங்குவோம். பாதி ஷட்டர் தூக்கியிருக்கிறது, உள்ளே சத்தம் கேட்கிறது, சரி திறந்தாச்சு என்று நினைத்து அந்த இரண்டு நாள் யாரும் சுமந்துகொண்டு வரவேண்டாம்.

25 திங்கள் கூட்டம் இருக்கும் என்று தெரியும். காலை 8 முதல் 1 மணி வரை அரிசி, கோதுமை, கேழ்வரகு மட்டும். மிளகாய், மல்லி, மஞ்சள், மசாலா எல்லாம் மாலை 4 மணிக்கு மேல், இரவு 9 வரை அரைப்போம். கூலி அதேதான், ஏற்றவில்லை. வயதானவர்கள் வரிசையில் நிற்கவேண்டாம், சீட்டில் பெயரும் என்ன பதம் என்பதும் எழுதி டப்பாவோடு கொடுத்துவிட்டுப் போங்கள். அவசரமாக ஏதாவது கேட்கவேண்டுமென்றால் போர்டில் உள்ள அதே நம்பருக்கு வாட்ஸப் அனுப்புங்கள். கொட்டுச் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காது.

இப்படிக்கு,
மாவு மிஷின் கடை, மார்க்கெட் பின் தெரு, தாம்பரம்