வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு முன்

மதுரை
10 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நிவேதா அனுப்பிய கல்விக் கடன் ஒப்பந்தத்தின் படங்கள் வந்து சேர்ந்தன. 14 பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீங்கள் மூவரும் வங்கியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். அதற்குள் இந்தக் கடிதம் கிடைத்துவிடும். போனில் சொன்னால் எண்கள் மனதில் நிற்காது என்பதால்தான் எழுதுகிறேன்.

அக்கா, நீ நேற்று போனில், "அஞ்சு வருசத்துக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாமாம், பிறகு பார்த்துக்கலாமாம்" என்றாய். அதில் பாதிதான் உண்மை. அந்த மற்றப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தின் 4ஆம் பக்கத்தில் மொரட்டோரியம் என்று ஒரு பத்தி இருக்கிறது. தவணை கட்டுவதற்கு வங்கி தருகிற விடுப்பு அது. நிவேதாவின் பி.இ. படிப்புக்கு 48 மாதம், அதன் பிறகு 12 மாதம், ஆக 60 மாதம். முதல் பணம் இந்த ஆகஸ்ட் 1ஆம் தேதி கல்லூரிக்குப் போகிறது. 2030 ஜூலை வரை வங்கி உங்களிடம் தவணை கேட்காது. ஆனால் விடுப்பு தவணைக்கு மட்டும்தான், வட்டிக்குக் கிடையாது. பணம் வங்கியை விட்டுப் போன அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

கடன் தொகை 4 லட்சமும் ஒரே நாளில் வெளியே போவதில்லை என்பது நமக்கு ஓர் ஆறுதல். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நேராகக் கல்லூரிக் கணக்குக்கே போகும். போன தொகைக்குத்தான் வட்டி. இப்போதைய வட்டி 10 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள், பெண் பிள்ளைக்கான அரை சதவீதச் சலுகையைக் கழித்த பிறகு. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தருகிற ரெப்போ விகிதத்தை மாற்றினால் இதுவும் மாறும். கணக்குக்காக 10 என்றே வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு போகும் 1 லட்சம் 5 ஆண்டுக்கு 50,000 ரூபாய் வட்டி சேர்க்கும். அடுத்த ஆண்டு போவது 40,000, அதற்கு அடுத்தது 30,000, கடைசி ஆண்டுப் பணம் 20,000. கூட்டினால் 1,40,000.

இந்த 5 ஆண்டும் தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. 5ஆம் பக்கத்தில் அது தெளிவாக இருக்கிறது. சிக்கல் அதற்கு அடுத்த வரியில்தான் வருகிறது. விடுப்பு முடிகிற நாளில், கட்டாமல் நிற்கிற வட்டி முழுவதையும் அசலோடு சேர்த்துவிடுவார்கள். 4 லட்சம் கடன் அன்று 5,40,000 ஆகிவிடும். 2030 ஆகஸ்டிலிருந்து வட்டி அந்த 5,40,000-க்குத்தான். 10 ஆண்டுத் தவணை என்று கணக்கிட்டால் மாதம் சுமார் 7,136 ரூபாய். வட்டி சேராமல் 4 லட்சமாகவே நின்றிருந்தால் 5,286. மாதம் 1,850 வித்தியாசம். 120 மாதத்துக்கு 2,22,000 ரூபாய்.

வங்கியின் கடன் பிரிவில் 22 ஆண்டு உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு நாள் ஒரு தகப்பனார் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கணக்குத் தாளை எடுத்து என் மேஜையில் விரித்தார். மடிப்பில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. "நான் வாங்கினது இவ்வளவு இல்லையே ஐயா" என்று அந்த எண்ணின் மேல் விரலை வைத்தபடியே நின்றார். கணக்கில் தவறில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று அவருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. அத்தானை அந்த இடத்தில் நினைத்துப் பார்க்க என்னால் முடியாது.

வழி இருக்கிறது. படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். அப்படித் தவறாமல் கட்டுபவர்களுக்குப் படிப்புக் காலத்தில் 1 சதவீதம் வட்டிச் சலுகை என்று 6ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதன்படி முதல் ஆண்டு மாதம் 750 ரூபாய்தான். இரண்டாம் ஆண்டு 1,500, மூன்றாம் ஆண்டு 2,250, நான்காம் ஆண்டு 3,000. அக்கா, நீ ரவிக்கை தைக்கிற பணத்திலேயே முதல் ஆண்டு முடிந்துவிடும். கடைசி ஆண்டு இடித்தால் முடிந்ததைக் கட்டுங்கள், கட்டின அளவுக்கு அசலில் ஏறாது. அப்போதும் சலுகை தொடருமா என்று மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்த பிறகான அந்த ஓராண்டு வட்டியை நானும் பகிர்ந்துகொள்கிறேன், அதில் மறுபேச்சு வேண்டாம்.

வட்டி கட்டச் சொல்லி வங்கியிலிருந்து நினைவூட்ட மாட்டார்கள். அத்தானின் சம்பளக் கணக்கிலிருந்து மாதம் 5ஆம் தேதி தானாகப் போகும்படி வெள்ளிக்கிழமை அன்றே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு அரசே வட்டி கட்டியது என்று கேட்டீர்கள். அது உண்மைதான். மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இந்த விடுப்புக் கால வட்டியை அரசு ஏற்கிறது. போக்குவரத்துக் கழகச் சம்பளத்தோடு உங்கள் வருமானச் சான்றிதழில் 5,40,000 என்று இருக்கிறது. நமக்குக் கிடைக்காது. 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 3 சதவீத மானியம் தருகிற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் 2024 நவம்பரில் வந்தது. ஆனால் அது தரவரிசையில் முன்னால் நிற்கிற கல்லூரிகளுக்கு மட்டும். நிவேதாவின் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லை, பார்த்துவிட்டேன். வருமானத்தைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தவணை தொடங்கும் நாளைப் பற்றி இன்னொன்று. அவளுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 2030 ஆகஸ்டில் முதல் தவணை. வேலை கிடைத்த பிறகுதான் என்று நம் ஊரில் சொல்வார்கள், இந்த ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அரியர் விழுந்து படிப்பு நீண்டால், கல்லூரியில் கடிதம் வாங்கி, காலம் முடிவதற்கு முன்பே கிளையில் கொடுத்து நீட்டிப்புக் கேட்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டால் விடுப்பும் அங்கேயே முடிந்துவிடும்.

அத்தான், உங்கள் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து இல்லை. நீங்களும் கடன்காரர், இணைக் கடனாளி. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக் கடன் என்று எழுதிவிடுவார்கள். கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டுகிற சிபில் அறிக்கையில் நிவேதாவின் பெயரோடு உங்கள் பெயரும் கெடும். அந்த நேரம் கையில் பணம் இல்லையென்றால் ஒளிய வேண்டாம், முதல் தவணை நிற்பதற்கு முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். தவணைக் காலத்தை 15 ஆண்டு வரை நீட்டலாம் என்று இதிலேயே இருக்கிறது. 5,40,000-க்கு மாதம் சுமார் 5,803 ஆகக் குறையும். மொத்தத்தில் கட்டுவது மட்டும் 8.56 லட்சத்திலிருந்து 10.45 லட்சமாகிவிடும். அதனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போன பிறகு அவள் கூடுதலாகக் கட்டி முன்பே முடித்தால் அபராதம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை 4, 5, 6ஆம் பக்கங்களை அதிகாரி முன்னால் நிவேதாவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படங்களில் 11ஆம் பக்கத்தில் வட்டி விகிதக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதில் எண்ணை எழுதிய பிறகுதான் கையெழுத்து. நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அன்று 11 மணி முதல் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
தம்பி முருகேசன்