விற்பனை அழைப்புகளை நிறுத்தி, என் தொடர்பு ஒப்புதலைப் பதிவு செய்யக் கோரும் கடிதம்

அனுப்புநர்:
வெ. ராமமூர்த்தி,
பணி நிறைவு பெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம்,
சென்னை.

நாள்: 9 மார்ச் 2026

பொருள்: குடும்ப ஃப்ளோட்டர் உடல்நலக் காப்பீடு, பாலிசி எண் H/4471/0032916 – தொடர் விற்பனை அழைப்புகளையும் செய்திகளையும் நிறுத்துதல், ஒப்புதலைப் பதிவு செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2017 முதல் தங்களிடம் பாலிசி வைத்திருக்கிறேன். ஒரு வருடம்கூடப் பிரீமியம் தவறியதில்லை. வரும் மே 22-ஆம் தேதி புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கத்தான் போகிறேன். பாலிசியை விட்டு விலகும் எண்ணத்தில் இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 3 முதல் மார்ச் 6 வரை என் கைப்பேசிக்குத் தங்கள் பெயரைச் சொல்லி 41 அழைப்புகளும், குறுஞ்செய்தியாகவும் வாட்ஸ்அப்பிலும் 29 விளம்பரங்களும் வந்திருக்கின்றன. தேதி, நேரம், எண் ஆகியவற்றுடன் பட்டியல் இணைத்திருக்கிறேன். சில அழைப்புகள் விற்பனைக்கென ஒதுக்கப்பட்ட 140 வரிசை எண்களிலிருந்தும், பெரும்பாலானவை சாதாரணக் கைப்பேசி எண்களிலிருந்தும் வந்தன. பேசியவர்களுக்கு என் வயதும் புதுப்பிக்க வேண்டிய தேதியும் தெரிந்திருந்தன. "உங்கள் பாலிசி விஷயமாகப் பேசுகிறோம்" என்று தொடங்கி, சேமிப்புத் திட்டத்தில் போய் முடித்தார்கள். இந்த விவரங்கள் தங்கள் கோப்பிலிருந்து அல்லாமல் வேறு எங்கிருந்து போயிருக்கும்?

ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று சொன்னேன். பிப்ரவரி 11-ஆம் தேதி பேசிய பெண்ணிடம், "என் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடம்மா" என்று கேட்டேன். "சார், எடுக்கிற வசதி எங்களுக்கு இல்லை. 'பிறகு பேசவும்' என்று மட்டும்தான் போட முடியும், அது நாளைக்கு வேறு ஒருவருக்குப் போய்விடும்" என்றார். உண்மையைச் சொன்ன அந்தப் பெண்மீது எனக்கு வருத்தம் இல்லை. வேண்டாம் என்பவரின் மறுப்பைக் குறித்துக்கொள்ள ஒரு இடம்கூட வைக்காத ஏற்பாட்டின்மீதுதான் வருத்தம்.

இது வெறும் தொல்லையாக மட்டும் இருந்திருந்தால், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருப்பேன். பிப்ரவரி 18 அன்று நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவியைப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சைக்காக முந்தின நாள்தான் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அன்று மாலையே அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. காலை பத்து மணிக்குள் மூன்று விற்பனை அழைப்புகள் வந்துவிட்டன. 10.40-க்கு மீண்டும் தெரியாத எண். மனைவிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரம், துண்டித்துவிட்டேன். திரும்ப வந்தது, மறுபடியும் துண்டித்தேன். ஒரு மணி வாக்கில் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலிருந்து ஆள் வந்து, "ஏன் சார் போனை எடுக்கவில்லை? பழைய ஸ்கேன் அறிக்கை கேட்டுக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்களாம், அதனால் கேஷ்லெஸ் நின்றுபோயிருக்கிறது" என்றபோதுதான் விளங்கியது. அந்த அறிக்கை அப்போது என் மடியிலிருந்த மஞ்சள் பையில்தான் இருந்தது. அறுவை சிகிச்சை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. வெறும் வயிற்றோடு படுத்திருந்த அவளிடம், "நான்தான் போனை எடுக்கவில்லை" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தங்கள் கிளெய்ம் பிரிவு அன்று தன் வேலையைச் சரியாகவே செய்தது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற விதியை மனதில் வைத்துத்தான் உடனே கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அழைப்பை என்னால் அடையாளம் காண முடியாதபடி செய்தது தங்கள் விற்பனைப் பிரிவு. எனக்கு வேண்டிய அழைப்பு எனக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே மற்றவற்றை நிறுத்தச் சொல்கிறேன்.

விளம்பர அழைப்புகளைத் தடுப்பதற்கான 1909 என்ற சேவை எண்ணில் பதிவு செய்து, என் எண் 2019 முதல் முழுத் தடைப் பட்டியலில் இருக்கிறது. தங்கள் உதவி மையத்தில் இதைச் சொன்னபோது, "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர், அதனால் அது பொருந்தாது" என்றார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு வணிகத் தகவல்தொடர்பு விதிமுறைகள் அப்படிச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் என்ற உறவு, அந்த பாலிசி தொடர்பான சேவைச் செய்திகளுக்கு வழிவிடும். இன்னொரு பொருளை விற்பதற்கு என் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். அப்படி ஒன்றை நான் தந்திருப்பதாகத் தங்கள் பதிவேடு சொன்னால், எந்த நாளில், எந்தப் படிவத்தில், எந்த வாசகத்தின் கீழ் தந்தேன் என்று நகலுடன் தெரிவியுங்கள். 2017-இல் முகவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் காட்டிய இடங்களில் கையெழுத்திட்டது நினைவிருக்கிறது. அந்த முன்மொழிவுப் படிவத்தில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், இக்கடிதத்தின் மூலம் அந்த ஒப்புதலை இன்றே திரும்பப் பெறுகிறேன்.

என் பெயருக்கு நேரே பதிய வேண்டிய வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். இதை அப்படியே ஏற்றும்படி வேண்டுகிறேன்:

"பாலிசிதாரர் வெ. ராமமூர்த்தி, 9 மார்ச் 2026 தேதியிட்ட கடிதத்தின்படி: கிளெய்ம், மருத்துவமனை அனுமதி தொடர்பாக எந்த நேரத்திலும் அழைக்கலாம். பிரீமியம், புதுப்பித்தல், முகவரி மாற்றம் போன்ற சேவைகளுக்குக் காலை 9 முதல் மாலை 7 வரை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பலாம். புதுப்பித்தல் அறிவிப்பு தபாலிலும் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் பாலிசி ஆவணமும் ரசீதும் மட்டும். புதிய பாலிசி, கூடுதல் காப்பீடு, சேமிப்புத் திட்டம், கடன் உள்ளிட்ட எந்த விற்பனைக்கும் எந்த வழியிலும் ஒப்புதல் இல்லை. முகவர்கள், வங்கிகள், தொலைபேசி விற்பனை நிறுவனங்கள் ஆகியோருக்கு இவருடைய விவரங்களை விற்பனைக்காகத் தர ஒப்புதல் இல்லை."

சேவை அழைப்புகள் அதற்கென ஒதுக்கப்பட்ட 1600 வரிசை எண்ணிலிருந்தே வரட்டும். அந்த எண் எதுவென்று பதிலில் குறிப்பிட்டால், அதைப் பெயரிட்டுச் சேமித்துக்கொள்வேன். அதிலிருந்து வரும் எந்த அழைப்பையும் தவறவிட மாட்டேன்.

இன்னும் இரண்டு செய்திகள். அவசரத் தொடர்புக்காக மட்டும் கொடுத்த என் மனைவியின் எண்ணுக்கும் இப்போது விளம்பரங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. அவர் எதற்கும் ஒப்புதல் தந்தவர் அல்லர். மருத்துவமனை விஷயம் தவிர வேறு எதற்கும் அந்த எண்ணைத் தொடக்கூடாது. அடுத்தது, மே மாதம் இணையத்தில் பிரீமியம் கட்டும்போது, முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தின் வழியாக இந்த மறுப்பு அழிந்துவிடக் கூடாது. என் மனம் மாறினால் நானே எழுதித் தெரிவிப்பேன்.

பதிவு செய்த நாள், பதிவு எண், விற்பனைப் பட்டியல்களிலிருந்து என் எண்ணை நீக்கச் சொல்லி யார் யாருக்குத் தெரிவித்தீர்கள் என்ற விவரம் ஆகியவற்றை எழுத்து மூலம் 14 நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன். இதைக் குறைதீர்ப்பு மனுவாகவே பதிவு செய்து எண் தாருங்கள். உரிய பதில் வராவிட்டால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் முறையிடுவேன். இனி வரும் ஒவ்வொரு விற்பனை அழைப்பையும், அனுமதிக்கப்பட்ட ஏழு நாட்களுக்குள் 1909-இல் புகாராகப் பதிவு செய்யவும் போகிறேன்.

மனைவி நலமாக இருக்கிறாள். கிளெய்ம் தொகை முழுவதும் வந்துவிட்டது, அதற்கு நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெ. ராமமூர்த்தி

இணைப்பு: அழைப்புகள், செய்திகளின் பட்டியல் (3 பக்கங்கள்); வாட்ஸ்அப் விளம்பரங்களின் திரைப்படிகள்; 1909 பதிவை உறுதி செய்யும் குறுஞ்செய்தியின் படி.