குறுவை நெல் ஈரப்பதம்: உலர்த்தி இயந்திரம் குறித்து இயக்குநர் குழுவின் முடிவுக்கு

பெறுநர்: இயக்குநர் குழு உறுப்பினர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் (கோரையாற்றுக் கடைமடை, திருவாரூர் மாவட்டம்)
தயாரித்தவர்: முதன்மைச் செயல் அலுவலர்
கூட்டம்: 2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை காலை 10 மணி, கிடங்கு அலுவலகம்

வரும்போது இதைப் படித்துவிட்டு வாருங்கள். கூட்டத்தில் மறுபடி வாசிக்க மாட்டோம்; இந்தப் பொருளுக்கு ஒதுக்கியிருப்பது 40 நிமிடம்தான்.

கேட்கும் முடிவு

அக்டோபர் 1 முதல் 30 நாளுக்கு ஒரு நடமாடும் நெல் உலர்த்தியை ரூ.1,35,000 வாடகைக்கு எடுக்கலாமா? எடுத்தால் உறுப்பினரிடம் என்ன கட்டணம் வாங்குவது, ஓடாத நாளின் வாடகை யார் தலையில்?

பின்னணி

மேட்டூர் இந்த ஆண்டு ஜூன் 12 அன்றே திறந்தது. ஆனால் தண்ணீர் நம் வாய்க்கால்களுக்கு வந்து சேர நாளாகும் என்பது உங்களுக்குத் தெரியும். தலைமடையில் அறுவடை தொடங்கும்போது நம் பக்கம் பால் பிடிக்கும். உறுப்பினர்களின் குறுவை 380 ஏக்கர். அதில் போர்வெல் வைத்து முன்பட்டமாக நட்டவர்கள் செப்டம்பரிலேயே அறுத்துவிடுவார்கள். மிச்சம் 150 ஏக்கர், ஏக்கருக்கு 2 டன் என்று வைத்தால் 300 டன், அக்டோபர் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் களத்துக்கு வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. இந்த ஆண்டு தீபாவளியும் அதே 20. மூட்டை தூக்கும் ஆட்களும் லாரியும் அந்த வாரம் கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதம். மழைக்கு இடையில் அறுத்த நெல் 21, 22 காட்டும். தளர்வு கேட்டு மாநிலம் எழுதும், மத்தியக் குழு வரும், மாதிரி எடுத்துப் போவார்கள், அப்புறம்தான் உத்தரவு. 2022 குறுவைக்கு 19 சதமும் 2023 பிப்ரவரியில் 20 சதமும் அப்படிக் கிடைத்தவை. உத்தரவு வரும்வரை குவியல் காத்திருக்காது. நனைந்த நெல் இரண்டு மூன்று நாளில் சூடேறி முளை விட்டுவிடும். அதனால்தான் நம் ஆட்கள் கிலோ 18 ரூபாய்க்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். இந்தப் பருவத்துக்குக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு சாதாரண ரகம் ரூ.2,500, சன்ன ரகம் ரூ.2,545.

உலர்த்தினால் லாபமா?

இந்தத் தாளில் முக்கியமானது இந்தப் பகுதிதான். இயந்திரம் வந்தாலே லாபம் என்ற பேச்சு ஊரில் ஓடுகிறது. அது பாதிதான் சரி.

22 சதத்திலிருந்து 17-க்கு இறக்கினால் ஒரு டன் நெல் 940 கிலோவாகிவிடும். போன 60 கிலோ தண்ணீர்தான், ஆனால் அதுவும் எடைக்கல்லில் காசு: ரூ.1,500. டீசல், டிராக்டர் செலவு டன்னுக்கு ஏறக்குறைய ரூ.900. வாடகையை 300 டன்னுக்குப் பகிர்ந்தால் ரூ.450. ஆக, உலர்த்துவதற்கு உழவர் கொடுப்பது டன்னுக்கு ரூ.2,850. சாதாரண ரகத்துக்கு மூன்று நிலையும் இப்படி:

ஈரமாகவே வியாபாரியிடம்: ரூ.18,000
உலர்த்திக் கொள்முதல் நிலையத்தில்: ரூ.22,150
தளர்வு கிடைத்து ஈரத்தோடே கொள்முதல் நிலையத்தில்: அதிகபட்சம் ரூ.25,000

வியாபாரியோடு ஒப்பிட்டால் டன்னுக்கு ரூ.4,150 மிஞ்சுகிறது. தளர்வு வந்த மறுநாள் உலர்த்தினாலோ ரூ.2,850 கையை விட்டுப் போகிறது. அதனால் இந்த இயந்திரம் தளர்வு வராத நாட்களுக்கான பாதுகாப்பு மட்டுமே. 20 சதம் தளர்வு வந்தாலும் 22 காட்டும் நெல்லுக்கு வேலை மிச்சமிருக்கும், ஆனால் 20 வரை இறக்கினால் போதும்.

வழிகள்

*சொந்தமாக வாங்குவது.* கொட்டேஷன் ரூ.19.5 லட்சம். கையிருப்பு ரூ.11.2 லட்சத்தில் 7.5 போட்டு, மீதி 12 லட்சத்துக்கு 11 சத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் வாங்கினால் ஆண்டுத் தவணை மட்டும் ரூ.3.13 லட்சம். 300 டன்னுக்கு அது டன்னுக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. சம்பா அறுவடை பெரும்பாலும் காய்ந்த காலத்தில் வருவதால் அங்கே அதிகம் ஓடாது. மானியம் கிடைக்கலாம் என்று இரண்டு இயக்குநர்கள் சொன்னார்கள். ஆணை கையில் வராத மானியத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

*உலர்களம்.* கிடங்கு மனையில் 4,000 சதுர அடி கான்கிரீட் போட ரூ.4.4 லட்சம். ஒரு வெயில் நாளில் சுமார் 10 டன் பரப்பலாம். சம்பாவுக்கும் உளுந்து பயறுக்கும் ஆண்டு முழுக்கப் பயன்படும், நெடுஞ்சாலையில் நெல் காயவைத்து இரவில் பைக்காரர் சறுக்கி விழும் கொடுமையும் குறையும். எனக்குப் பிடித்த வழி இதுதான், ஆனால் அக்டோபர் மழைக்கு இது பதில் இல்லை. தனிப் பொருளாக டிசம்பர் கூட்டத்தில் எடுக்கலாம். மனையின் எல்லைத் தகராறையும் அன்றைக்கே வைத்துக்கொள்வோம், சனிக்கிழமை வேண்டாம்.

*வாடகை.* ஒரு தடவைக்கு 10 டன், 22-லிருந்து 17-க்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இரவிலும் ஓட்டினால் நாளைக்கு மூன்று தடவை. முழு 300 டன்னும் பத்து நாள் வேலை.

*எதுவும் செய்யாமல் தளர்வை எதிர்பார்ப்பது.* நமக்குச் செலவில்லை. முழுச் சுமையும் கடைமடைச் சிறு விவசாயி மேல் விழும்.

பரிந்துரை

வாடகைக்கு எடுப்போம், கீழ்க்கண்ட ஏற்பாட்டோடு.

கட்டணம் 60 கிலோ மூட்டைக்கு ரூ.80. இது டீசலும் வாடகைப் பங்கும் சேர்ந்தது, நிறுவனத்துக்கு லாபம் கிடையாது. நெல் குறைவாக வந்தால் வாடகையில் வசூலாகாத பகுதியை நிறுவனம் ஏற்கும். ஒரு மூட்டைகூட வராவிட்டாலும் இழப்பு ரூ.1,35,000-ஐத் தாண்டாது. கடந்த ஆண்டு நிகர லாபம் ரூ.2.9 லட்சம், அதனால் தாங்கும்.

18 சதத்துக்குக் கீழே உள்ள நெல்லை இயந்திரத்தில் ஏற்ற வேண்டாம், தார்ப்பாயில் அரை நாள் வெயில் போதும். தளர்வு உத்தரவு வந்தால் அன்றே வாட்ஸ்அப் குழுவில் போட்டு, உலர்த்துவதா வேண்டாமா என்பதை உழவரிடமே விடுவோம்.

வரிசைதான் சிக்கல். அறுவடை இயந்திரம் எல்லா வயலிலும் ஒரே வாரத்தில் இறங்கும், பெரிய நிலக்காரர் இரண்டு தடவையை ஒரே மூச்சில் பிடித்துக்கொள்வார். ஆகவே அறுத்த நாளின்படி டோக்கன், ஒருவருக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 5 டன். சிறு அளவுகளைச் சேர்த்து ஏற்றும்போது சன்ன ரகமும் சாதாரண ரகமும் கலக்கக்கூடாது. ஏற்றும்போதே எடையும் ஈரமும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், இறக்கிய எடையை அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று சூட்டை ஏற்றினால் அரிசி விரிசல் விட்டு அரவையில் நொய் கூடும் என்பதால், வேகத்தைக் கூட்டும் அதிகாரம் ஓட்டுநருக்கு இல்லை.

கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டிய தீர்மானங்கள்

1. அக்டோபர் 1 முதல் 30 நாளுக்கு வாடகை ஒப்பந்தம், ரூ.1,35,000 வரை.
2. மூட்டைக்கு ரூ.80 கட்டணம், வசூலாகாத வாடகை நிறுவனக் கணக்கில்.
3. டோக்கன் விதியும் 5 டன் வரம்பும், இரண்டு இயக்குநர்கள் மேற்பார்வையில். பெயர்களைக் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும்.
4. இயந்திரம் வாங்கும் பேச்சு பிப்ரவரி வரை ஒத்திவைப்பு. எத்தனை டன் ஓடியது என்ற பதிவேட்டோடு அப்போது வருகிறேன்.

முன்பணம் ரூ.50,000 செப்டம்பர் 12-க்குள் கட்டியாக வேண்டும், தவறினால் இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விடும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் வெள்ளி மாலைக்குள் தங்கள் கருத்தை எனக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.