இடது கன்னம்

ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டை ஒட்டின சந்தில் மாடிப்படி ஏறினால் எங்கள் ஸ்டுடியோ. எங்கள் என்று சொல்கிறேனே தவிர கடை பாஸ்கர் அண்ணனுடையது, நான் கம்ப்யூட்டரில் உட்காருகிற ஆள். பாஸ்போர்ட் சைஸ், மஞ்சள் நீராட்டு ஆல்பம், இறந்தவர்களின் ஆதார் படத்திலிருந்து முகத்தை வெட்டியெடுத்து மாலை போடுகிற மாதிரி பெரிதாக்குவது, இதுதான் வேலை. கடைசியில் சொன்னதுதான் அதிகம் வரும்.

அன்றைக்கு அக்காவும் தம்பியுமாக வந்தார்கள். தம்பிக்கு முப்பதுக்குள் வயது, காசிமேட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பெயர் தினேஷ். விடியற்காலையில் துறைமுகத்திலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிப் போகிற வண்டி. இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார், ஆனால் கையில் மீன் வாசம் போகவில்லை, அதை மறைக்க அடித்த சென்ட் இன்னும் மோசமாக இருந்தது. பொண்ணு வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் படம் வேண்டும்.

இடது கன்னத்தில் ஒரு தழும்பு. காதுக்குக் கீழே ஆரம்பித்து வாயோரம் வரைக்கும் ஒரே கோடு, சுற்றியிருக்கிற தோலைவிட வெளுப்பாக, கொஞ்சம் பளபளப்பாக. நான் பார்த்துவிட்டு வேறெங்கோ பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். அவருக்கு அது பழக்கம் போல.

"மாஞ்சாண்ணே" என்றார், யாரும் கேட்காமலே. "பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்துல வண்டியில பின்னாடி உக்காந்து வந்தேன். எவனோ காத்தாடி அறுந்துபோய் நூலு குறுக்க வந்துச்சு. கழுத்துல மாட்டியிருந்தா ஆளே இல்ல."

"ஸ்டான்லில தான் தையல் போட்டாங்க" என்றார் அக்கா. "மாஞ்சான்னு சொன்னா யாரு நம்புறா? நைட்ல செக்கிங்ல நிறுத்துனா முதல்ல இவன் கன்னத்தைத்தான் பாக்குறாங்க. இன்னாடா கேஸுன்னு கேக்குறாங்க. போன தடவை வந்த சம்பந்தமும் இதனாலதான் போச்சு. அத மட்டும் எடுத்துருங்க தம்பி, பாத்தா தெரியக்கூடாது."

நான் தலையாட்டிவிட்டேன். ஹீலிங் பிரஷ் எடுத்தால் ரெண்டு நிமிஷ வேலை, பக்கத்திலிருக்கிற தோலை எடுத்து அதன்மேல் தேய்த்தால் கோடு போய்விடும். மீசை முடி கலக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாகச் செய்யணும்.

பாஸ்கர் அண்ணன் லைட்டை நகர்த்திக்கொண்டே, "அத எடுக்க மாட்டோம்மா" என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அக்காவுக்கு முதலில் புரியவில்லை, காசு அதிகம் கேட்கிறார் என்று நினைத்து, "எவ்ளோனாலும் தரோம்" என்றார்.

"துட்டு விஷயம் இல்ல. பரு, கொசு கடிச்சது, ஷேவிங்ல வெட்டுனது, எல்லாம் எடுத்துடுவான் பையன். ஒரு வாரத்துல தானா போறது எதுவா இருந்தாலும் எடுக்கலாம். போகாதத எடுக்குறதில்ல."

இந்தக் கணக்கை நான் சேர்ந்த புதிதில் என்னிடமும் சொல்லியிருக்கிறார். அண்ணன் ஃபிலிம் காலத்து ஆள். அப்போதெல்லாம் நெகட்டிவைப் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிற கண்ணாடி மேஜையில் வைத்து, ஊசி மாதிரி சீவின பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து முகத்தைச் சரி பண்ணுவார்களாம். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் இல்லையா, கறுப்புத் தழும்பு என்றால் அங்கே வெளுப்பாகத் தெரியும், பென்சிலால் அடைக்கலாம். வெளுப்பான தழும்பு நெகட்டிவில் கறுப்பாக வரும், அதைச் சின்னக் கத்தியால் சுரண்டித்தான் எடுக்கணும், ஒரு மயிரிழை அதிகம் சுரண்டினால் ஃபிலிமே காலி. அந்தப் பயத்திலேயே நிறையத் தழும்பு பிழைத்திருக்கும் என்பது என் யூகம். கேட்டால் திட்டுவார்.

தினேஷுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, மூஞ்சி என்து. வேணாம்னு நான் சொல்றேன். உங்களுக்கு இன்னா?"

நியாயமான கேள்விதான். வாடகை நிலுவையில் இருக்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிற ஆளைத் திருப்பி அனுப்புகிறாரே என்று எனக்கும் எரிச்சல். அண்ணன் பதில் சொல்வதற்குள் அக்கா என் பக்கம் திரும்பி, "அந்த எடத்துல அவனுக்கு ஒரு மச்சம் இருந்துச்சு தம்பி. சின்ன வயசுலேர்ந்து. தையல்ல போயிருச்சு. தழும்ப எடுத்துட்டு அதையும் வெச்சிடு, ஸ்கூல் டிசியிலகூட அங்க அடையாளத்துல எழுதியிருக்கு" என்றார்.

"எந்த எடத்துலக்கா?" என்றேன்.

அவர் தம்பியின் கன்னத்தில் விரல் வைத்தார். தினேஷ் அந்த விரலைப் பிடித்துக் கொஞ்சம் கீழே தள்ளினார். "இல்லக்கா, இங்க." "அங்க எங்கடா இருந்துச்சு, மேலதான்." ரெண்டு பேரும் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டு பட்டா இல்லாத நிலத்துக்கு எல்லை போடுகிற மாதிரி சண்டை போட்டார்கள்.

அண்ணன் அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தார். "பாருங்க, உங்களுக்கே தெரியல. பையன் எங்கேர்ந்து கொண்டாந்து வெப்பான்? நெத்தித் தோல எடுத்துக் கன்னத்துல ஒட்டுவான், மச்சத்த மவுஸால வெப்பான். அது வேற எவனோட கன்னமோ ஆயிடும். அத என் கையால நான் பண்ண மாட்டேன். ஆனா லைட்டு என் கையில இருக்கு, உக்காரு."

ஸ்டூலில் உட்கார வைத்தார். தழும்பு இருக்கிற ஆளை எல்லோரும் மறுபக்கம் திருப்பித்தான் எடுப்பார்கள், அவர் அப்படிச் செய்யவில்லை. குறுக்கே லைட் அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து தழும்பு கயிறு மாதிரி தெரியும். அதனால் சாஃப்ட் பாக்ஸைக் கிட்டத்தட்ட கேமராவுக்கு நேர் மேலேயே கொண்டுவந்து, கீழே மடியில் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கச் சொன்னார், வெளிச்சம் திரும்பி முகத்தில் படுகிறதற்கு. பளபளப்பு போக ஒரு டிஷ்யூ பேப்பரால் கன்னத்தை ஒற்றினார். அப்புறம் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"காத்தாடி வுட்டிருக்கியா நீ?"

"சின்ன வயசுல. எங்க மாடியில நாந்தான் கிங்கு."

"மாஞ்சா போட்டியா?"

தினேஷ் சிரித்துவிட்டார். "டியூப்லைட்டு உடைச்சு, வஜ்ரம் காய்ச்சி... விடுண்ணே." அந்தச் சிரிப்பில்தான் எடுத்தார்.

படத்தில் தழும்பு இருந்தது, ஆனால் முதலில் கண்தான் தெரிந்தது. அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வேற கடையில போய் எடுத்துக்குறோம்" என்று மட்டும் சொன்னார்.

"தாராளமா" என்ற அண்ணன் என்னிடம் திரும்பி, "ஒரிஜினல் ஃபைலையே அனுப்பு, சின்னது பண்ணாத" என்றார். "உங்க மூஞ்சி, உங்க இஷ்டம். வேற யாராச்சும் பண்ணித் தந்தா நான் வந்து கேக்க மாட்டேன்." முந்நூறு ரூபாயை மட்டும் வாங்கி மேஜை டிராயரில் போட்டார். அவர்கள் இறங்கிப் போனதும் எனக்கும் அவருக்கும் வாடகையை வைத்து ஒரு சண்டை நடந்தது, அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

ரெண்டு வாரம் கழித்து தினேஷ் தனியாக வந்தார். ஐஸ் இறக்கிவிட்டு நேராக வந்திருப்பார் போல, லுங்கி நனைந்திருந்தது.

"எந்தப் படம் அனுப்பின?" என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"பக்கத்துத் தெருவுல அழிச்சு ஒண்ணு வாங்குனோம். அக்கா அவசரத்துல மாத்தி உங்க படத்த அனுப்பிருச்சு." மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "பொண்ணு வீடு வியாசர்பாடி. படத்தப் பாத்ததுமே அவங்கப்பா போன் பண்ணி, மாஞ்சாவான்னு கேட்டாரு. முதல் கேள்வியே அதான். அவரு தங்கச்சி பையனுக்குக் கழுத்துல பட்டிருக்காம்."

"அப்ப முடிஞ்சுதா?" என்றார் அண்ணன்.

"எங்க? ஜாதகம் சேரல. செவ்வாய் தோஷம்னுட்டாங்க." பாக்கெட்டிலிருந்து ஈரமான நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். "லைசென்ஸ் புதுப்பிக்கணும், எட்டு காப்பி போடுண்ணே. அந்தப் படத்துலேயே மூஞ்சிய வெட்டிப் போட முடியுமா?"

"லைசென்ஸுக்குப் பல்லு தெரியக் கூடாதுடா" என்று அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரு, புதுசா எடுக்கலாம்."