டிப்ளமோ சேஃப்டி தேர்வு: கடைசி நேர அட்டைகள்

பிபிஇ: உடலில் அணியும் பாதுகாப்புச் சாதனங்கள். ஹெல்மெட், கையுறை, ஷூ. ஆபத்தைத் தடுப்பதில் இது கடைசிப் படி. முதலில் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் மாற்று, அப்புறம் பொறியியல் தடுப்பு, நிர்வாக விதி, அதற்கும் பிறகுதான் பிபிஇ.

லோட்டோ: பூட்டும் டேக்கும். பழுது பார்க்கும்முன் மின்சாரத்தை நிறுத்தி உன் பூட்டைப் போடு, சாவி உன் பையிலேயே இருக்கட்டும், பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி மெஷின் ஓடவில்லை என்று உறுதி செய். விடைத்தாளில் விட்டுப்போவது இந்தக் கடைசி வேலைதான்.

எஸ்டிஎஸ்: பாதுகாப்புத் தகவல் தாள், ரசாயனத்தின் ஜாதகம். 16 பிரிவுகள், முதலுதவி 4-வது பிரிவு, தீயணைப்பு 5-வது.

எல்இஎல்: காற்றில் வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு. மீத்தேனுக்குச் சுமார் 5 சதவீதம்.

ஹசார்டு, ரிஸ்க்: இரண்டும் ஒன்றல்ல! சிந்திய எண்ணெய் ஹசார்டு. வழுக்கி விழும் வாய்ப்பும் அடியின் கடுமையும் சேர்ந்தது ரிஸ்க்.

நியர் மிஸ்: மேலிருந்து ஸ்பேனர் விழுந்தது, யார்மேலும் படவில்லை. அதையும் எழுதிக் கொடுக்கணும்.